ஒரே திராட்சை, இரு வேறு வெயில்

ஷார்டொனே என்ற வெள்ளைத் திராட்சை பிரான்சின் வடக்கிலுள்ள ஷாப்ளியிலும் விளைகிறது, கலிஃபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கிலும் விளைகிறது. ஷாப்ளி ஒயினில் எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும் மணக்கும். நாக்கின் ஓரங்களில் புளிப்பு சுருக்கென்று தெரியும். பள்ளத்தாக்கின் ஒயினில் பீச், அன்னாசி, சில சமயம் மாம்பழ வாசனை இருக்கும். புளிப்பு மங்கலாக இருக்கும். மண்ணும் தயாரிப்பு முறையும் இதில் பங்கு வகித்தாலும் முதன்மையான காரணம் வெயில்தான்.

திராட்சைக் காய் பச்சையாகவும் கெட்டியாகவும் இருக்கும்போது அதில் இரண்டு அமிலங்கள் மிகுந்திருக்கும். ஒன்று டார்டாரிக் அமிலம். நம் சமையல் புளியின் புளிப்பும் இதுதான். மற்றது மேலிக் அமிலம். ஆப்பிளின் புளிப்புக்குக் காரணம் அது. காய் நிறம் மாறி மெத்தென்று ஆகத் தொடங்கியதும் சர்க்கரை ஏறுகிறது, மேலிக் அமிலம் குறைகிறது. பழம் சுவாசிக்கும்போது இந்த அமிலத்தை எரித்துத் தீர்க்கிறது. வெப்பம் கூடினால் சுவாசமும் வேகமாகும். ஆகவே அறுவடையின்போது குளிர்ப் பகுதிப் பழச்சாற்றில் லிட்டருக்குச் சுமார் 4 முதல் 6 கிராம் மேலிக் அமிலம் எஞ்சலாம். வெப்பப் பகுதியில் 1 முதல் 2 கிராம்தான் மிஞ்சும். டார்டாரிக் அமிலம் வெப்பத்தில் அவ்வளவாகக் குறைவதில்லை. இரவுக் குளிர் இந்த இழப்பைத் தடுக்கிறது. அதனால் பகலில் கடும் வெயில் அடித்தாலும், உயரமான மலைச்சரிவிலும் கடல் மூடுபனி படரும் இடங்களிலும் புளிப்பு நிலைத்திருக்கும்.

வெயிலை அளந்து பகுதிகளை வகைப்படுத்தும் முறையை 1944இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அமெரினும் விங்க்ளரும் வெளியிட்டனர். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பமும் 10 டிகிரி செல்சியஸை எவ்வளவு தாண்டுகிறது என்று கூட்டி, பகுதிகளை ஐந்தாகப் பிரித்தனர். 10 டிகிரிக்குக் கீழே கொடி வளர்வதில்லை என்பதே அதன் அடிப்படை.

சர்க்கரையின் கணக்கு எளிது. ஒயின் நொதிக்கும்போது ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுகிறது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரைக்கு 1 சதவீத ஆல்கஹால் கிடைக்கும். சாற்றில் 190 கிராம் சர்க்கரை இருந்தால் ஒயின் 11 சதவீதத்தை எட்டும். 240 கிராம் இருந்தால் 14 சதவீதத்தைத் தொடும். சர்க்கரை முழுவதும் நொதித்துவிட்டால் இரண்டுமே இனிப்பில்லாத ஒயின்கள்தான். ஆயினும் வெப்பப் பகுதி ஒயின் இனிப்பது போலத் தோன்றும். ஆல்கஹாலுக்கே லேசான இனிப்பு உண்டு. கனிந்த பழ வாசனையும் இனிப்பை நினைவூட்டும். அதை அடக்கப் போதிய புளிப்பும் அங்கே இல்லை.

குளிர்ப் பகுதியில் உண்மையாகவே இனிப்பான ஒயினும் உண்டு. ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் சாற்றின் நொதித்தலை இடையிலேயே நிறுத்திச் சர்க்கரையை மிச்சம் வைப்பார்கள். அதனால் 8 அல்லது 9 சதவீத ஆல்கஹாலே உள்ள ஒயின்கள் அங்கே வழக்கம். புளிப்பு கூடுதலாக இருப்பதால் அந்தச் சர்க்கரை திகட்டுவதில்லை.

இரு பகுதிகளுக்கும் தனித்தனிச் சிக்கல்கள் உண்டு. ஷாப்ளியில் வசந்த காலப் பனி துளிர்களைக் கருக்கிவிடும். அதைத் தடுக்க விவசாயிகள் இரவில் தோட்டத்தில் மெழுகு அடுப்புகளை ஏற்றுவார்கள். அல்லது நீர் தெளித்துத் துளிரைப் பனிக்கட்டிக்குள் காப்பார்கள். பழம் சரியாகக் கனியாத ஆண்டில் சாற்றில் சர்க்கரை சேர்த்து ஆல்கஹாலைக் கூட்டுவார்கள். இம்முறை பிரெஞ்சு வேதியியலாளர் ஷான்-அந்துவான் ஷாப்தாலின் பெயரால் அறியப்படுகிறது.

வெப்பப் பகுதியில் சிக்கல் நேர்மாறானது. வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் இலைகள் நீரிழப்பைத் தடுக்கத் துளைகளை மூடிக்கொள்வதால் உணவு உற்பத்தி தடைபடும். பழத்திலிருந்து நீர் வற்றிச் சர்க்கரை செறிந்துவிடும்; ஆனால் வாசனை அதற்கு ஈடாக முதிர்ந்திருக்காது. அத்தகைய ஒயினில் புதிய பழத்தின் மணத்துக்குப் பதில் ஜாமின் மணம் வீசும், விழுங்கும்போது தொண்டை காந்தும். இதைத் தவிர்க்க முன்கூட்டியே, பெரும்பாலும் இரவில், அறுவடை செய்வார்கள். குறைந்த புளிப்பை டார்டாரிக் அமிலம் சேர்த்து ஈடுகட்டுவார்கள்.

பாட்டிலைத் திறக்கும் முன்பே இந்த வேறுபாட்டை ஓரளவு ஊகிக்கலாம். லேபிளில் 12 சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹால் இருந்தால் குளிர்ப் பகுதியும் தெளிவான புளிப்பும், 14ஐ ஒட்டி இருந்தால் வெயிலும் கனிந்த பழச்சுவையும் எதிர்பார்க்கலாம். 9க்கும் கீழே இருந்தால் பெரும்பாலும் சர்க்கரை மிச்சமிருக்கிறது என்று கொள்ளலாம்.