பங்குப் பணம் போனாலும் மூலதனம் குறையக் கூடாது

முன்னுரிமைப் பங்கு வாங்கியவருக்கு ஆண்டுதோறும் குறிப்பிட்ட விகிதத்தில் ஈவுத்தொகை உண்டு. கெடு முடிந்ததும் போட்ட பணமும் திரும்பக் கிடைக்கும். இந்தியாவில் இந்தக் கெடு பொதுவாக 20 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இப்படிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துப் பங்கை ரத்து செய்வதற்கு மீட்பு என்று பெயர்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பங்கு மூலதனத்தை நம்பித்தான் வங்கியும் சரக்குக் கொடுத்தவர்களும் கம்பெனிக்குக் கடன் தருகிறார்கள். அவர்களுக்கு முன்பாகப் பங்குதாரர் தன் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டால், நஷ்டம் வரும்போது தாங்குவதற்கு என்ன மிஞ்சும்? 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 55ஆம் பிரிவு இதற்கு வழி சொல்கிறது. முழுத்தொகையும் செலுத்தப்பட்ட பங்குகளை மட்டுமே மீட்கலாம். அதற்கான பணம் புதிதாகப் பங்கு வெளியிட்டுத் திரட்டியதாக இருக்க வேண்டும், அல்லது ஈவுத்தொகையாகப் பங்கிடக்கூடிய லாபத்திலிருந்து வர வேண்டும். லாபத்திலிருந்து மீட்டால், மீட்ட பங்குகளின் முகமதிப்புக்குச் சமமான தொகையை ‘மூலதன மீட்புக் காப்பு’ என்ற கணக்குக்கு மாற்றியாக வேண்டும்.

ஒரு கம்பெனியைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் சாதாரணப் பங்கு மூலதனம் 2 கோடி ரூபாய், முன்னுரிமைப் பங்கு மூலதனம் 1 கோடி. பொதுக் காப்பும் லாப நட்டக் கணக்கின் மீதியும் சேர்ந்து 1 கோடியே 40 லட்சம். பங்குகளை முகமதிப்புக்கு மேல் விற்றதில் சேர்ந்த பங்கு பிரீமியம் 15 லட்சம். முன்னுரிமைப் பங்குகளை 10 சதவீத பிரீமியத்தோடு மீட்க வேண்டும். ஆக, வங்கியிலிருந்து 1 கோடியே 10 லட்சம் வெளியே போகும்.

பணம் போனதும் முன்னுரிமைப் பங்கு மூலதனம் ஏட்டிலிருந்து மறைகிறது. அதே இடத்தில் மூலதன மீட்புக் காப்பு என்று 1 கோடி வந்து உட்காருகிறது. இது லாபத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஆகவே முன்பு 2 கோடியும் 1 கோடியுமாக இருந்த 3 கோடி, மீட்புக்குப் பிறகும் 3 கோடியாகவே நிற்கிறது. குறைந்தது எது? பங்கிடக்கூடிய லாபம். 1 கோடியே 40 லட்சமாக இருந்தது 40 லட்சமாகிவிட்டது. கம்பெனி அந்த ஒரு கோடியை இனி ஈவுத்தொகையாகக் கொடுக்க முடியாது. முழுத்தொகை செலுத்தப்பட்ட போனஸ் பங்குகளாகச் சாதாரணப் பங்குதாரர்களுக்கு வழங்கலாம், அவ்வளவுதான்.

இந்தக் காப்பைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு வைத்த பணம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு பணம் இல்லை. ரொக்கம் பங்குதாரர் கைக்கு ஏற்கெனவே போய்விட்டது. இந்தக் காப்பு, மீதமுள்ள சொத்திலிருந்து அந்த அளவுக்கு ஈவுத்தொகை போகாதபடி போட்ட தடை.

மீதியுள்ள 10 லட்ச பிரீமியத்தில்தான் பிழைகள் அதிகம் நடக்கின்றன. காப்புக்கு மாற்ற வேண்டியது முகமதிப்பான 1 கோடி மட்டுமே; 1 கோடியே 10 லட்சத்தையும் மாற்றுவது தவறு. பிரீமியத்துக்குத் தனியாக வழி காண வேண்டும். இந்தியக் கணக்கியல் தரநிலைகளைப் பின்பற்றும் பெரிய கம்பெனிகள் அதை லாபத்திலிருந்துதான் ஒதுக்க வேண்டும். மற்றவை லாபத்திலிருந்தோ பங்கு பிரீமியக் கணக்கிலிருந்தோ ஈடுகட்டலாம். நமது கம்பெனி சிறியது என்றால் 15 லட்சத்தில் 10 லட்சத்தை எடுத்துக்கொள்ளும். லாபத்தில் 40 லட்சம் அப்படியே இருக்கும். பெரியது என்றால் லாபம் 30 லட்சமாகக் குறையும். சாதாரணப் பங்குதாரருக்கு இந்த வித்தியாசம் அடுத்த ஈவுத்தொகையில் தெரியக்கூடும்.

நிலத்தின் மதிப்பை உயர்த்தி எழுதியதால் வந்த மறுமதிப்பீட்டுக் காப்பை மீட்புக்குப் பயன்படுத்த முடியாது, அது பங்கிடக்கூடிய லாபம் அல்ல. அதேபோல் ஏட்டில் லாபம் இருந்தும் அது சரக்கிலும் வராத பாக்கியிலும் முடங்கியிருந்தால், காப்புக்கு மாற்றுவது எளிது, காசோலை எழுதுவதுதான் கஷ்டம்.

மீட்க முடியாத கம்பெனி என்ன செய்யும்? மதிப்பில் முக்கால் பங்கு முன்னுரிமைப் பங்குதாரர்களின் சம்மதத்தோடும் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதலோடும், பணத்துக்குப் பதிலாகப் புதிய முன்னுரிமைப் பங்குகளைக் கொடுக்கலாம். சம்மதிக்காதவர்களின் பங்குகளை உடனே மீட்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிட வேண்டும். இந்த உரிமையை அறியாமல் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது.

முன்னுரிமைப் பங்கு வாங்க நினைப்பவர்கள், வாக்களித்த வட்டிபோன்ற விகிதத்தை மட்டும் பார்க்காமல், கம்பெனியின் இருப்புநிலைக் குறிப்பில் பங்கிடக்கூடிய லாபம் எவ்வளவு, கையில் ரொக்கம் எவ்வளவு என்ற இரண்டையும் உங்கள் ஆடிட்டரிடம் தனித்தனியாகக் கேளுங்கள்.