சாயங்காலமானால் டியூட்டிக்குக் கிளம்பும் அப்பா

மறதிநோய் வந்தவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களிடம், எந்த நேரம் ரொம்பக் கஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் சாயங்காலம் என்றுதான் சொல்வார்கள். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் பேப்பரைப் புரட்டியபடி சாதுவாக உட்கார்ந்திருந்தவர், பொழுது சாயச் சாய வேறு ஆளாகிவிடுவார். ஒரு இடத்தில் உட்கார மாட்டார். வாசலுக்கும் கூடத்துக்குமாக நடப்பார். "வீட்டுக்குப் போகணும்" என்று சொந்த வீட்டுக்குள் நின்றே கேட்பார். தடுத்தால் கத்துவார், சில சமயம் கையையும் ஓங்குவார்.

இது வீம்பு இல்லை. இரவு, பகலை உடம்புக்கு உணர்த்தும் ஒரு கடிகாரம் மூளைக்குள் இருக்கிறது. அல்சைமர் போன்ற நோய்கள் அதையும் சேதப்படுத்துகின்றன. அந்தக் கடிகாரம் சரியாக ஓடப் பகல் வெளிச்சம் வேண்டும். நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்கு அது கிடைப்பதில்லை. அந்திக் கருக்கலில் கண் சரியாகத் தெரியாமல், கொடியில் தொங்கும் வேட்டி யாரோ நிற்பதுபோல் தோன்றும். இதோடு நாள் முழுக்கச் சேர்ந்த களைப்பும் உண்டு. பசியோ, மூட்டுவலியோ, மூத்திரம் முட்டுவதோ இருந்தாலும் அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. சொல்ல முடியாத அந்த அவஸ்தைதான் கோபமாக வெளியே வருகிறது.

ஒரு வீட்டை வைத்துப் பார்ப்போம். பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்துச் சொல்லும் உதாரணம் இது. அப்பாவுக்கு 76 வயது. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டில் இருக்கிறார். தினமும் 5 மணி வாக்கில் சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடுகிறார். "நேரமாச்சு பாப்பா, டிப்போல தேடுவாங்க" என்கிறார். மகள் வாசலை மறித்து நின்று, "நீங்க ரிட்டையர் ஆகி எத்தனை வருஷம் ஆச்சுப்பா, மறந்துட்டீங்களா?" என்கிறாள். அவர் அவளைத் தள்ளிவிடுகிறார். பிள்ளைகள் அழுகிறார்கள். சமையல் அடுப்பிலேயே கிடக்கிறது.

இங்கே முதலில் வேண்டியது ஒரு நோட்டு. ஒரு வாரத்துக்குத் தினமும் மூன்று விஷயம் எழுதினால் போதும்: பதற்றம் தொடங்குவதற்கு முன் வீட்டில் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், நாம் என்ன செய்த பிறகு அடங்கியது அல்லது அதிகமானது. நேரத்தையும் குறிக்க வேண்டும். இதை ஒரு வேலையாகவே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மனசில் வைத்துக்கொண்டால் நமக்கு ஞாபகம் இருப்பது சண்டை மட்டும்தான். அதற்கு முந்தைய அரை மணி நேரம் மறந்துபோகும். விடை இருப்பதோ அந்த அரை மணி நேரத்தில்தான்.

அந்த மகளின் நோட்டில் என்ன தெரிந்தது? அப்பா 12.30-க்குச் சாப்பிட்டுவிட்டு 2 மணிக்குப் படுத்தால் 4.30 வரை தூங்குகிறார். எழுந்ததும் டீ மட்டும். சாப்பிட எதுவும் இல்லை, பாத்ரூமுக்கு யாரும் அழைத்துப் போவதும் இல்லை. விளக்கு வைக்கும் நேரம் வரை கூடத்தில் லைட் போடுவது அந்த வீட்டு வழக்கம் இல்லை. 5 மணிக்குப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருகிறார்கள், டிவி சத்தமாக ஓடுகிறது, குக்கர் விசிலடிக்கிறது. அவர் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே வாசல், அங்கே செருப்பு. இன்னொன்றும் இருந்தது: பதற்றம் வந்த நாள்களில் பலவற்றில் அவர் இரண்டு மூன்று நாளாக வெளிக்குப் போயிருக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் ஒருவர் வீட்டை விட்டுக் கிளம்ப நினைப்பதில் என்ன வியப்பு?

மாற்றங்களைச் சாயங்காலத்தில் தொடங்கினால் பலிக்காது, காலையில் தொடங்க வேண்டும். டிபனுக்கு முன்போ பின்போ அரை மணி நேரம் வெளியே நடை, அல்லது மொட்டை மாடியில் இளம்வெயிலில் உட்காருவது. குளியல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் தினமும் அதே நேரத்தில், அதே வரிசையில். புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாதவருக்கும், கைகால் பழகிய வரிசை வெகுநாள் தங்கும். அடுத்தது என்ன என்று அவர் யோசிக்க வேண்டியிராது. குளியலை அவர் வாழ்நாளில் எப்போது குளித்துப் பழகினாரோ அந்த நேரத்திலேயே வையுங்கள். விடியற்காலையில் குளித்துப் பழகியவரை, நமக்கு வசதி என்று சாயங்காலம் குளிக்க இழுத்தால் சண்டை நிச்சயம். ஆஸ்பத்திரி, வங்கி, விருந்தாளி வருகை எல்லாம் மதியத்துக்குள் முடிந்துவிட்டால் நல்லது.

மதியத் தூக்கத்தை முழுக்க நிறுத்தக் கூடாது, களைப்பே பதற்றத்தைக் கிளப்பிவிடும். அரை மணி, முக்கால் மணி நேரம் போதும், 3 மணிக்குள் எழுப்பிவிட வேண்டும். 3.30-க்குச் சுண்டலோ, இரண்டு இட்லியோ, கூடவே ஒரு டம்ளர் தண்ணீர். அதற்குப் பிறகு டீ, காபி வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, கேட்டாலும் கேட்காவிட்டாலும் பாத்ரூமுக்கு அழைத்துப் போக வேண்டும். "பாத்ரூம் போகணுமாப்பா?" என்று கேட்டால் வேண்டாம் என்பார். "வாங்கப்பா, இந்தப் பக்கம் போவோம்" என்று கூட நடந்தால் வருவார். மலச்சிக்கலுக்குச் சாப்பாட்டில் கீரையும் பழமும் சேர்த்து, அப்படியும் சரியாகாவிட்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இருட்டுவதற்கு வெகு முன்பே, 4.30-க்கெல்லாம் கூடத்து லைட்டுகள் அத்தனையும் எரிய வேண்டும். திரையை இழுத்துவிட்டு, கொடியில் கிடப்பதை எடுத்துவிட்டால் நிழல் பயம் குறையும். டிவியை நிறுத்துங்கள், குறிப்பாக எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தும் விவாதங்களை. செருப்பு கண்ணில் படாத இடத்துக்குப் போகட்டும், நாற்காலி திரும்பட்டும். ராத்திரிச் சமையலில் பாதியை மதியமே முடித்துவிட்டால் 5 மணிக்கு மகளின் கை காலியாக இருக்கும்.

அந்த நேரத்தில் அவர் கைக்கு ஒரு வேலை வேண்டும், அது அவருடைய வேலையாகவும் இருக்க வேண்டும். இந்த மகள் ஒரு பழைய தோள்பையும் ஒரு டப்பா சில்லறையும் கொடுத்தாள். "கலெக்ஷன் எண்ணித் தரீங்களாப்பா?" என்றாள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று பிரித்து, பத்துப் பத்தாக அடுக்கினார். கூட்டுத்தொகை தப்பாகத்தான் வந்தது, அவள் திருத்தவில்லை. அடுக்குவதில் விரல்கள் தடுமாறவே இல்லை. தையல்காரராக இருந்தவருக்குத் துணி மடிப்பது, சமையலே வாழ்க்கையாக இருந்த அம்மாவுக்கு முருங்கைக்கீரை உருவுவது என்று அவரவர் கைப்பழக்கத்தில் தேட வேண்டும். நாணயத்தை வாயில் போடும் நிலைக்கு நோய் முற்றியிருந்தால் இது கூடாது.

இத்தனை செய்தும் சில நாள் அவர் எழுந்து நிற்பார். அப்போது வாசலை மறிக்காதீர்கள். வழி அடைபட்டது என்று தோன்றும்போதுதான் கை ஓங்குகிறது. ஒரு கை தூரம் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில், அவர் கண்ணுக்குத் தெரியும்படி நில்லுங்கள். பின்னாலிருந்து தொடக் கூடாது. பேசுவது ஒருவராக மட்டும் இருக்கட்டும். குரலைத் தாழ்த்தி, ஒரு நேரத்தில் ஒரே வாக்கியம், பிறகு காத்திருக்க வேண்டும். ஒரு வாக்கியம் அவருக்குள் இறங்கச் சில விநாடிகள் ஆகும். அதற்குள் நாம் அடுத்ததைச் சொன்னால் இரண்டும் போச்சு.

"ரிட்டையர் ஆயிட்டீங்க" என்பது உண்மைதான். ஆனால் அது அவரை அமைதிப்படுத்தாது. அவர் மனசில் ஓடுவது, டியூட்டிக்குத் தாமதமானால் மானம் போகுமே என்ற தவிப்பு. அதற்குப் பதில் சொல்லுங்கள். "டியூட்டின்னா நேரத்துக்குப் போயிடணும், இல்லப்பா?" என்று தொடங்கலாம். "ஆமா, ஒரு நாள்கூட லேட் ஆனதில்லை" என்பார். "எந்த ரூட்ல ஓடினீங்க?" என்று கேட்டால் பேச்சு அந்தப் பக்கம் போகும். அதற்கும் அடங்காவிட்டால், "சரிப்பா, நானும் வரேன்" என்று சேர்ந்தே கிளம்பித் தெருவை ஒரு சுற்று சுற்றி வருவது நல்லது. திரும்பி வரும்போது டிப்போ மறந்திருக்கும். "இன்னைக்கு உங்களுக்கு வீக்லி ஆஃப்" என்று சொல்லலாமா என்று பலர் தயங்குகிறார்கள். வேறு எதுவும் உதவாத நேரத்தில், அவருடைய தவிப்பு தீருவதற்காகச் சொல்லும் அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தவறு தெரியவில்லை. அவரை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கச் சொல்லும் பொய் வேறு, இது வேறு.

கை ஓங்கினால் பிடித்து முறுக்க வேண்டாம். பின்வாங்குங்கள், பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள், கத்தி, அரிவாள்மனை எட்டாமல் இருக்கட்டும். அவர் பத்திரமாக இருக்கிறார் என்றால் கால் மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி வந்து பேசுங்கள். அவருக்கு முந்தையது நினைவிருக்காது, புதிதாகத் தொடங்கலாம். பெயரும் போன் நம்பரும் எழுதிய அட்டை எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கட்டும். கதவுக்கு அவர் கண் போகாத உயரத்தில் தாழ்ப்பாள் வைக்கலாம், ஆனால் அவரை மட்டும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகக் கூடாது.

சில வாரங்களில் அந்த வீட்டில் பதற்றம் நின்றுவிடவில்லை. தினமும் வந்தது வாரத்தில் ஓரிரு நாளாகக் குறைந்தது, அதுவும் சீக்கிரம் அடங்கியது. எதிர்பார்க்கக்கூடியது இவ்வளவுதான்.

பிறகு ஒரு வியாழக்கிழமை காலையிலேயே பதற்றம் தொடங்கியது. சுவரில் எறும்பு போவதாகக் கையால் தட்டினார். மதியம் எழுப்ப எழுப்ப மயக்கமாகத் தூங்கினார். ராத்திரி மறுபடி கத்தல். இது மறதிநோய் முற்றியதால் வருவது இல்லை. மறதிநோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நகரும். ஓரிரு நாளில் ஆள் மாறினால், தெளிவும் குழப்பமும் மாறி மாறி வந்தால், உடம்பில் வேறு ஏதோ இருக்கிறது. அவருக்கு இருந்தது சிறுநீர்த் தொற்று. காய்ச்சல்கூட அடிக்கவில்லை. நீர்ச்சத்துக் குறைவு, ரத்தத்தில் சோடியம் குறைவது, சர்க்கரை இறங்குவது, நுரையீரல் தொற்று, கீழே விழுந்து தலையில் பட்டது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவையும் இதே மாதிரி செய்யும். சளிக்குக் கடையில் கேட்டு வாங்கும், தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள் சிலவே போதும். இந்த நிலையில் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். எழுப்பியும் எழவில்லை என்றால் 108-ஐ அழைக்க வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும், வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். "ரொம்பத் தொல்லை பண்றார், தூங்க ஏதாவது குடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். பதற்றத்தை அடக்கத் தரப்படும் மனநோய் மருந்துகள், மறதிநோய் உள்ள முதியவர்களின் இறப்பு அபாயத்தைக் கூட்டுவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-ல் கடும் எச்சரிக்கை விடுத்தது. அவருக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையில் அவை தேவைப்படலாம். அப்போதும் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு, எப்போது நிறுத்துவது என்று கேட்டுக்கொண்டு கொடுக்க வேண்டும். உருவங்கள் தெரிவது, கைகால் விறைப்பது, உடம்பு நடுங்குவது ஆகியவை முன்பிருந்தே இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். லூயி பாடி என்ற வகை மறதிநோயில் இந்த மருந்துகள் உயிருக்கே ஆபத்தாகலாம்.

5 முதல் 7 மணி வரை வாரத்தில் இரண்டு நாளாவது அண்ணனோ தம்பியோ வந்து அப்பாவோடு உட்காரட்டும். பணம் அனுப்புகிறேன் என்பவரிடமும் இந்த இரண்டு மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். பேசிக் கேட்க ஆள் வேண்டுமென்றால், சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனம் மறதிநோய்க்கெனத் தனிப் பிரிவு வைத்திருக்கிறது. வெளியூரில் இருப்பவர்கள் முதியோர் உதவி எண் 14567-இல் விசாரிக்கலாம்.