நிறம் மாறிய டேப் சொல்லாதது

பல் டாக்டர் ஒரு பையைக் கிழித்து, உள்ளேயிருந்து வாய்க்கண்ணாடியையும் பல் பிடுங்கும் கொறடையும் எடுத்துத் தட்டில் வைக்கிறார். பையின் ஓரத்தில் அச்சடித்திருந்த சிறு குறி நிறம் மாறியிருக்கிறது. நாற்காலியில் சாய்ந்திருப்பவருக்கு அதைப் பார்த்ததும் ஒரு நிம்மதி. ஆனால் அந்தக் குறிக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். இந்தப் பை ஆட்டோகிளேவுக்குள் போய்ச் சூடுபட்டு வந்தது என்று மட்டும் அது சொல்லும். கொறடின் கீலுக்குள் ஒளிந்திருந்த கிருமி செத்ததா என்பது அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேறு வழிகள் உண்டு. இரண்டு நாற்காலி போட்ட ஒரு சின்ன கிளினிக்கிலும் அவற்றைக் கடைப்பிடிக்க முடியும்.

கருவியின் பயணம் பின்னறைத் தொட்டியில் தொடங்குகிறது. ரத்தமும் எச்சிலும் ஒருமுறை காய்ந்துவிட்டால் எளிதில் போகாது. அதனால் உடனே கழுவ நேரமில்லாவிட்டால் என்சைம் கரைசலில் ஊறப்போடுவார்கள். வெந்நீரில் போட்டால் சீக்கிரம் சுத்தமாகும் என்று பலர் நினைக்கிறார்கள், நடப்பது நேர்மாறு. கடும் சூட்டில் ரத்தத்தின் புரதம் உறைந்து, எஃகோடு ஒட்டிக்கொள்ளும். கழுவும் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது.

கழுவும் உதவியாளரின் கையில் இருக்க வேண்டியது பாத்திரம் தேய்க்கப் பயன்படும் தடித்த ரப்பர் கையுறை. நோயாளியைப் பார்க்கும்போது போடும் மெல்லிய கையுறையை ஸ்கேலரின் முனை ஒரு நொடியில் கிழித்துவிடும். நீண்ட கைப்பிடி உள்ள பிரஷ்ஷால், தண்ணீர்மட்டத்துக்குக் கீழே வைத்துத் தேய்க்க வேண்டும்; மேலே வைத்துத் தேய்த்தால் அழுக்குத் துளிகள் முகத்தில்தான் தெறிக்கும். வசதியுள்ள கிளினிக்கில் இந்த வேலையை அல்ட்ராசோனிக் தொட்டி செய்கிறது. ஒலி அலைகளால் உண்டாகும் நுண்குமிழிகள் வெடித்து, பிரஷ் நுழையாத இடுக்கிலிருந்தும் அழுக்கைப் பெயர்க்கும். தொட்டி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு துண்டு அலுமினியத் தாள் போதும். அதை நீரில் அரை நிமிடம் போலத் தொங்கவிட்டு எடுத்தால் தாள் முழுக்கப் பொடிப்பொடியாகக் குழி விழுந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று இருந்தால் அந்தப் பக்கம் தொட்டி வேலை செய்யவில்லை.

இந்தக் கழுவலில் கோட்டைவிட்டால் பிறகு எந்த இயந்திரமும் காப்பாற்றாது. நீராவி எதைத் தொடுகிறதோ அதைத்தான் கொல்லும். காய்ந்த ரத்தத்தின் பொருக்குக்குக் கீழே இருக்கும் கிருமியை அது தொடுவதே இல்லை. அதனால் கழுவித் துடைத்த பிறகு விளக்கு வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்து, கீலைத் திறந்து பார்ப்பது வழக்கம். கறை தெரிந்தால் கருவி மறுபடியும் தொட்டிக்குப் போகும். சரியாக இருந்தால் உலர்த்தி, கீல் திறந்த நிலையிலேயே, ஒரு பக்கம் காகிதமும் மறுபக்கம் பிளாஸ்டிக்கும் உள்ள பையில் போட்டு ஒட்டுவார்கள்.

அடுத்தது ஆட்டோகிளேவ். பாஸ்தரோடு வேலை பார்த்த சார்ல்ஸ் சேம்பர்லாண்ட் 1879-இல் உருவாக்கிய இந்தப் பாத்திரத்தின் தத்துவம் இன்றும் மாறவில்லை. 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் சில பாக்டீரியாக்களின் வித்துகளைக் கொல்லாது. அழுத்தத்தில் அடைத்த நீராவி 121 டிகிரிக்கோ 134 டிகிரிக்கோ ஏறும். அந்தச் சூட்டுக்கு வித்துகளும் தாங்காது. இதில் பலர் கவனிக்காத எதிரி காற்று. குக்கரில் ஆவி நன்றாகப் பீறிட்டு வந்த பிறகுதான் வெயிட் போடுகிறோம், இல்லையா? உள்ளிருக்கும் காற்று முதலில் வெளியேற வேண்டும் என்பதற்காகத்தான். ஆட்டோகிளேவுக்கும் அதே விதி. காற்று முழுவதும் வெளியேறியிருந்தால் 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி கிடைக்கும். பாதிக் காற்று உள்ளேயே தங்கிவிட்டால் அதே 15 பவுண்டில் கிடைப்பது 112 டிகிரிதான். அழுத்தமானியின் முள் மட்டும் சரியான இடத்தில் நின்று ஏமாற்றும்.

மலையூர்களில் இதோடு இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. ஊட்டியில் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு. அழுத்தமானி காட்டுவதோ வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்பதைத்தான். அங்கே முள் 15-இல் நின்றாலும் உள்ளே சூடு சுமார் 117 டிகிரியோடு நின்றுவிடும். எந்த ஊரானாலும் நம்ப வேண்டியது வெப்பமானியை. அமெரிக்காவின் சி.டி.சி. தரும் கணக்குப்படி, பையிலிட்ட கருவிகளைச் சாதாரண ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 30 நிமிடம் வைக்க வேண்டும். காற்றை உறிஞ்சி எடுக்கும் வகையில் 132 டிகிரியில் 4 நிமிடம் போதும். சூடு ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஆகும் நேரம் இதில் சேராது. நடுவில் கரண்ட் போனால், விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது, மொத்தமும் முதலிலிருந்து.

பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸ் உள்ளே குழல் குழலாக இருக்கும். அந்தக் குழலுக்குள் மாட்டிய காற்று தானாக வெளியே வராது. அதனால்தான் காற்றை மறுபடி மறுபடி உறிஞ்சிவிட்டு நீராவியைச் செலுத்தும் ‘பி’ வகை இயந்திரம் பல் கிளினிக்குகளுக்குப் பொருந்துகிறது. அதுவும் பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தித் திணித்தால் பயன்படாது. தட்டில் பைகள் நெருக்காமல் இடைவெளியோடு இருக்க வேண்டும். வெளியே எடுக்கும்போது பை ஈரமாக இருந்தால் அதுவும் தோல்விதான். நனைந்த காகிதம் வழியே வெளிக்கிருமி எளிதாக உள்ளே இறங்கிவிடும்.

சரி, உள்ளே என்ன நடந்தது என்று எப்படித் தெரியும்? சாட்சிகள் மூன்று. இயந்திரத்தின் திரையோ அச்சுச் சீட்டோ சொல்லும் வெப்பமும் நேரமும் முதல் சாட்சி. பைக்குள்ளேயே வைக்கும் வேதிப்பட்டை இரண்டாவது; வெளிக்குறியைப் போலன்றி, இதில் சிறந்த வகைகள் வெப்பம், நேரம், நீராவி மூன்றும் போதிய அளவு சேர்ந்தால்தான் முழுமையாக மாறும். மூன்றாவதுதான் கடைசி வார்த்தை சொல்வது: ஸ்போர் டெஸ்ட். ஜியோபேசிலஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்ற, சூட்டுக்கு அசராத பாக்டீரியாவின் வித்துகளைச் சிறு குப்பியில் அடைத்து, வழக்கமான கருவிகளோடு சேர்த்தே ஓட்டுவார்கள். பிறகு அதே தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்த, ஆட்டோகிளேவுக்குள் போகாத இன்னொரு குப்பியோடு 55 முதல் 60 டிகிரிச் சூட்டில் வைத்துப் பார்ப்பார்கள். ஊதா நிறம் அப்படியே இருந்தால் வித்துகள் செத்துவிட்டன, மஞ்சளானால் பிழைத்துவிட்டன. உள்ளே போகாத குப்பி கட்டாயம் மஞ்சளாக வேண்டும். அதுவும் ஊதாவாகவே இருந்தால் வித்துகள் முதலிலேயே செத்துப்போனவை, அந்தச் சோதனையே செல்லாது. வாரம் ஒருமுறையாவது இதைச் செய்ய வேண்டும்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு மூன்று முறை ஆட்டோகிளேவ் ஓடும் கிளினிக். போன சனிக்கிழமை 205-ஆம் ஓட்டத்தில் வைத்த குப்பி ஊதா. இந்தச் சனிக்கிழமை 223-ஆம் ஓட்டத்தில் வைத்த குப்பி, திங்கள் காலை மஞ்சள்.

“டாக்டர், இயந்திரம் 134 காட்டியிருக்கு, டேப்பும் மாறியிருக்கே?” என்கிறார் உதவியாளர்.

“அப்படியே இருக்கட்டும், முதல்ல சுவிட்சை அணைங்கம்மா. பதிவேட்டை எடுத்துட்டு வாங்க.”

பதிவேட்டில் ஓட்டத்துக்கு ஒரு வரி: தேதி, ஓட்ட எண், உள்ளே என்னென்ன கருவிகள், எட்டிய வெப்பம், நின்ற நேரம், உள்பட்டையின் நிலை, ஓட்டியவரின் கையெழுத்து. 219-ஆம் வரியில் ‘பை ஈரம், பட்டை பாதிதான் மாறியது’ என்று எழுதியிருக்கிறது. 221-இலும் ‘பை ஈரம்’. அந்தப் பைகளை அன்றே ஒதுக்கி, மறுபடி ஓட்டியிருக்க வேண்டும். அவசரத்தில் அப்படியே அலமாரிக்குப் போய்விட்டன. அதே அமைப்பில் இன்னொரு ஸ்போர் டெஸ்ட் வைக்கிறார்கள், அதுவும் மஞ்சள். காற்றுக் கசிவுச் சோதனையில் குட்டு வெளிப்படுகிறது. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் கேஸ்கெட் தடித்து வெடித்திருக்கிறது. காற்றை உறிஞ்சும் கட்டத்தில் வெளிக்காற்று அதன் வழியே உள்ளே வந்து பைகளுக்குள் தங்கியிருக்கிறது. வெப்பமானி இருக்கும் மூலையில் 134 வந்ததும் உண்மை, பைக்குள் நீராவி முழுதாக நுழையாததும் உண்மை.

இப்போது ஓட்ட எண்தான் கைகொடுக்கிறது. ஒவ்வொரு பையிலும் தேதியோடு அந்த எண்ணும் எழுதியிருப்பதால், 206 முதல் 223 வரை எண்ணிட்ட பைகள் எல்லாவற்றையும் அலமாரியிலிருந்து எடுத்துவிட முடிகிறது. அவை மறுபடி கழுவி, வேறு இயந்திரத்தில் ஓட்டப்படும். பயன்படுத்திவிட்ட பைகளின் எண் நோயாளியின் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தால், யார் யாருக்கு எந்தக் கருவி என்ற பட்டியலும் கைக்கு வரும். சோதனை வித்துகள் மஞ்சள்காமாலை வைரஸைவிடப் பலமடங்கு முரட்டுத்தனமானவை. நன்றாகக் கழுவிய கருவி என்றால் ஆபத்து குறைவு என்பது டாக்டருக்குத் தெரியும். ஆனாலும் யாரிடம் சொல்வது, யாருக்கு ரத்தப் பரிசோதனை என்று முடிவெடுக்க அவருக்குப் பட்டியல் வேண்டும். கேஸ்கெட் மாற்றி, கசிவு நின்று, தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் குப்பி ஊதாவாக வந்த பிறகுதான் இயந்திரம் வேலைக்குத் திரும்பும். அதுவரை பல் பிடுங்குவது தள்ளிவைக்கப்படும், அல்லது பக்கத்து கிளினிக்கிலிருந்து கருவிகள் வரும்.

பதிவேடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, 2013-இல் அமெரிக்காவின் டல்சா நகரத்தில் நடந்தது சாட்சி. அங்கே ஒரு பல் அறுவை மருத்துவமனையை ஆய்வு செய்த அதிகாரிகள், துருப்பிடித்த கருவிகளையும், ஆறு ஆண்டுகளாக ஸ்போர் டெஸ்ட்டே செய்யாத ஆட்டோகிளேவையும் கண்டார்கள். எந்த நாளில் யாருக்கு ஆபத்து என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஏறக்குறைய 7,000 பேரை ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு ஹெபடைடிஸ் சி தொற்றியது ஆய்வில் உறுதியானது.

ஆய்வுக்கு வருபவர்கள் பதிவேட்டைப் புரட்டும்போது பிழைகள் இருப்பதைக் கண்டு கவலைப்படுவதில்லை. ஒரு மாதம் முழுக்க ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒவ்வொரு வரியிலும் அச்சு மாறாமல் ‘121, 15, 30’ என்றிருந்தால்தான் அவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். உண்மையாக ஓட்டியபடி எழுதிய ஏட்டில் ‘கரண்ட் போச்சு, மறுபடி ஓட்டினேன்’ என்றொரு வரி இருக்கும். ‘தண்ணீர்த் தொட்டியில் உப்பு, கழுவினேன்’ என்று இன்னொன்று. நடுவில் சேவை ஆள் வந்து போன ரசீது ஒன்றும் ஒட்டியிருக்கும்.