தொப்புளுக்கு மேலே இரண்டு விரல்

செவிலியர் மாணவிகள் பிரசவ வார்டில் எழுதும் கேஸ் ஸ்டடிகளில் பாதி, பாடப்புத்தகத்தின் நகல்தான். தாயின் பெயருக்குப் பதில் எழுத்துக் குறியீடு இருக்கும்; தாய் மட்டும் இருக்கமாட்டார்.

ஓர் உதாரணம். இரண்டாவது சுகப்பிரசவம் முடிந்த மறுநாள் காலை. பிரசவமானதும் கருப்பையின் மேல்விளிம்பு தொப்புள் அளவில் இருக்கும், பிறகு நாளுக்கு ஏறக்குறைய ஒரு விரல் அளவு இறங்கும் என்பது பாடம். மாணவி தொட்டுப் பார்க்கிறாள். தொப்புளுக்கு மேலே இரண்டு விரல், அதுவும் வலப்பக்கம் ஒதுங்கி. 'கருப்பை சுருங்கவில்லை' என்று எழுதப் போகிறாள். மூத்த சிஸ்டர் கேட்பது ஒன்றே: "அம்மா, கடைசியா எப்போ யூரின் போனீங்க?" தையல் எரியுமென்று பயந்து இரவு முழுக்க அடக்கியிருக்கிறார். போய்வந்ததும் கருப்பை நடுவில், தொப்புளுக்குக் கீழே, கெட்டியாக.

நிறைந்த சிறுநீர்ப்பை கருப்பையை மேலே தள்ளும், சுருங்கவிடாது. அதனால் ரத்தப்போக்கும் கூடலாம். கேஸ் ஸ்டடியின் உயிர் இந்த இடம். சிறுநீர் கழிக்கும் முன்னும் பின்னும் எடுத்த அளவு, பேடில் கண்ட உதிரம், சிஸ்டர் செய்தது, அதற்கான காரணம் ஆகியவற்றை வரிசையாக எழுதினால் கோட்பாடு தானாக வந்து சேரும். போய்வந்த பிறகும் கருப்பை தொளதொளவென்றிருந்தால் கதை வேறு. தேய்த்துவிட்டபடியே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.