தினம் இரண்டு படுக்கை

சிப்பிக் காளான் வளர்ப்பில் இறங்கும் பலர், முதல் வாரமே நூறு படுக்கைகளைப் போட்டுவிடுகிறார்கள். அவை எல்லாம் ஒன்றாக மொட்டு விட, இரண்டு மூன்று நாளில் 20 கிலோவுக்கு மேல் காளான் குவிந்துவிடும். வெளியில் வைத்தால் ஒரு நாள் தாங்குவதே கடினம். வாங்க ஆள் தேடுவதற்குள் பாதி வீணாகிவிடும்.

அதனால் கணக்கைக் கடையிலிருந்து தொடங்க வேண்டும். பக்கத்துக் கடைகளில் தினமும் 200 கிராம் பாக்கெட் ஐந்து விற்கும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஒரு கிலோ காளான் தேவை. அரை கிலோ காய்ந்த வைக்கோலில் போட்ட படுக்கை, சுமார் 45 நாளில் மூன்று அறுவடையாக ஏறக்குறைய அரை கிலோ தரும். ஆக, தினம் இரண்டு படுக்கை போட்டால் போதும். அதற்கு ஒரு கிலோ வைக்கோலும் 300 கிராம் வித்துப் பை ஒன்றும் செலவாகும். ஒன்றரை மாதத்தில் 90 படுக்கைகள் சேர்ந்து, வரத்து சீராகிவிடும்.

இதற்கு இரண்டு சிறிய அறைகள் வேண்டும். முதல் அறை இருட்டாக இருக்கட்டும். வித்து 15 முதல் 20 நாளில் வைக்கோல் முழுவதும் வெள்ளையாகப் பரவும். பிறகு பையைக் கிழித்து, அடுத்த அறையில் உறியில் தொங்கவிட வேண்டும். அங்கே தரையில் மணல், சுவரோரம் ஈரச் சாக்கு, கொஞ்சம் வெளிச்சம், நல்ல காற்று தேவை. காம்பு நீண்டு குடை சிறுத்தால் காற்று போதவில்லை என்று அறியலாம்.

கெட்டுப்போவதன் வேர் பெரும்பாலும் வைக்கோலில்தான். ஐந்து மணி நேரம் ஊறவைத்து, முக்கால் மணி நேரம் வேகவைத்து, வடிகட்டி உலர்த்த வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் உள்ளங்கை ஈரமாக வேண்டும். சொட்டு விழக் கூடாது. சொட்டினால் படுக்கை அழுகி நாறும். சரியாக வேகாவிட்டால், ஏழெட்டு நாளில் வெள்ளைக்கு நடுவே பச்சைத் திட்டு தெரியும். அது பச்சைப் பூஞ்சணம். அந்தப் படுக்கையைத் திறக்காமல் அப்படியே வெளியேற்றித் தொலைவில் புதைக்க வேண்டும். அறைக்குள் பிரித்தால் தூள் பறந்து மற்றவற்றிலும் தொற்றும். ஈ நுழையாமல் சன்னலுக்கு வலையும் வேண்டும்.

அறுவடை விடியற்காலையில், தண்ணீர் தெளிக்கும் முன்பே முடிய வேண்டும். நனைந்த காளான் பாக்கெட்டுக்குள் சீக்கிரம் மஞ்சளாகிக் கொழகொழக்கும். குடையின் ஓரம் சுருளும் முன்பே பறித்து, சிறு துளையிட்ட உறையில் அடைத்து, பறித்த தேதியை எழுதி, கடை திறக்கும்போது கொடுத்துவிட வேண்டும். குளிர்பெட்டி உள்ள கடையில் மூன்று நாள் வரை நிற்கும். விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னால் கடைக்காரர் தயங்காமல் வாங்குவார்.

பத்துப் படுக்கையில் ஒன்று கெட்டாலும் ஒரு கிலோ 900 கிராமாகிவிடும். ஆகவே கடைக்கு நான்கு பாக்கெட்டுக்கு மட்டும் வாக்குக் கொடுப்பது நல்லது. ஐந்தாவது தேறும் நாளில் அதை அக்கம்பக்கத்தில் விற்கலாம், அல்லது வெயிலில் காயவைத்துச் சூப்புக்கு எடுத்து வைக்கலாம்.