பல் பிடுங்கிய மூன்றாம் நாள்

பல் பிடுங்கிக்கொண்டு கிளம்பும்போது கையில் ஓர் அட்டை தருவார்கள். துப்பாதீர்கள், முதல் நாள் கொப்பளிக்காதீர்கள், ஸ்ட்ரா வைத்து உறிஞ்சாதீர்கள், புகைக்காதீர்கள் என்று அதில் வரிசையாக இருக்கும். ஏன் என்று பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் பலர் வீடு போய்ச் சேர்வதற்குள்ளேயே துப்பத் தொடங்கிவிடுகிறார்கள்.

பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து கட்டியாகிறது. அடியில் இருக்கும் எலும்பையும் நரம்பு முனைகளையும் மூடிக் காப்பது அந்தக் கட்டிதான். துப்பினாலும் உறிஞ்சினாலும் அது பெயர்ந்துவிடலாம். அது நன்றாக உறையத்தான் பஞ்சை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அழுத்திக் கடிக்கச் சொல்கிறார்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. எச்சிலில் துளி ரத்தம் கலந்தாலே வாயெல்லாம் ரத்தம் போலத் தெரியும். முதல் நாள் அது இயல்பு, விழுங்கிவிடலாம். உப்புத் தண்ணீர் மறுநாளிலிருந்துதான். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு, வாயில் வைத்துத் தலையை மெல்லச் சாய்த்து, தானாக வழிய விட வேண்டும்.

திங்கட்கிழமை ஒருவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லை எடுத்ததாக வைத்துக்கொள்வோம். செவ்வாயன்று வலி குறைகிறது, மாலையில் ஒரு சிகரெட் பிடிக்கிறார். புதன் இரவு வலி திரும்புகிறது, காது வரை இழுக்கிறது. மாத்திரைக்கு அடங்கவில்லை, வாயில் கெட்ட வாடை. கண்ணாடியில் பார்த்தால் குழி வெறுமையாக இருக்கிறது. இதை டிரை சாக்கெட் என்பார்கள். சாதாரணமாக நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி, இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் ஏறினால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். கிளினிக்கில் குழியைக் கழுவி மருந்து வைத்தால் பெரும்பாலும் விரைவிலேயே வலி தணியும். இது தெரியாதவர் வலியோடு நாள்களைக் கடத்துகிறார்.

கிளினிக் அனுப்பும் குறுஞ்செய்தியோ பெரும்பாலும் தையல் பிரிக்கும் நாளைத்தான் நினைவூட்டுகிறது. அதற்குப் பல சமயம் ஒரு வாரம் ஆகும். அதற்குள் இந்த வலி வந்துவிட்டிருக்கும். மூன்றாம் நாள் காலையிலேயே ஒரு செய்தி போக வேண்டும் என்பேன். இப்படி இருக்கலாம்:

"வணக்கம். திங்களன்று உங்களுக்குப் பல் எடுத்தோம். வலி நேற்றைவிடக் குறைந்திருக்கிறதா? கூடியிருந்தால், வாயில் வாடை இருந்தால், இன்றே வாருங்கள். தையல் பிரிக்க வரும் திங்கள் காலை 10 மணி."

சில விஷயங்கள் மூன்றாம் நாள் வரை காத்திருக்காது. அவற்றை அட்டையின் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் போட வேண்டும். புதுப் பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடித்தும் ரத்தம் நிற்காவிட்டாலோ, காய்ச்சலோடு வீக்கம் ஏறினாலோ உடனே கிளினிக்குக்குப் போன் செய்ய வேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால் போனுக்காகக் காத்திராமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இன்னொரு வரி: டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்தாதீர்கள்.