எழுத்தைத் தேடி – 7: ஒளி விழுங்கிய பலகை

சென்ற வாரம் மழையில் நனைந்த ரசீதைப் பார்த்தோம். இந்த வாரம் மகாராஷ்டிரத்தின் ஐரோலி. அங்கே குடியிருக்கும் நண்பர், தையலுக்குத் துணி கொடுத்த கடையின் ரசீதைத் தொலைத்துவிட்டார். கையில் இருந்தது கடைப்பலகையை இரவில் எடுத்த போன் படம் மட்டும். “அண்ணே, பேர் தெரியுதா பாருங்க” என்று அனுப்பினார். சிவப்பு எல்இடி பலகை. எழுத்தெல்லாம் ஒட்டி ஒரே ஒளிப்பாளமாக இருந்தது.

முதலில், வாட்ஸ்அப்பில் சுருங்கிய படம் வேண்டாம், அசலை ‘டாக்குமென்ட்’டாக அனுப்பச் சொன்னேன். பாதி எழுத்து அந்தச் சுருக்கத்திலேயே போய்விடும்.

படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அளவுகள் உண்டு, உச்சம் 255. சிவப்புப் பலகையில் முதலில் முட்டுவது சிவப்பு அளவு. எழுத்தும் சுற்றியுள்ள ஒளிவட்டமும் 255 ஆகிவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. பச்சை அளவு அவ்வளவு சீக்கிரம் முட்டாது. அதைத் தனியாகப் பிரித்து, மங்கலை வெட்டிக் கறுப்பாக்கினால் எழுத்தின் நடுத்தண்டு மிஞ்சும்:

```
magick board.jpg -channel G -separate +channel -level 55%,100% -gamma 0.6 green.png
```

55 என்பதை மேலும் கீழும் மாற்றிப் பார்க்க வேண்டும். நீலப் பலகைக்கு G இருக்கும் இடத்தில் R. வெள்ளைப் பலகையில் மூன்றும் சேர்ந்தே முட்டுவதால் இந்த வழி பலிக்காது.

அப்போது நான் தேடுவது லென்ஸின் பிரதிபிம்பம். போன் படத்தின் நடுப்புள்ளிக்கு எதிர்ப்பக்கம், இருட்டில், பலகையின் மங்கலான நகல் ஒன்று தலைகீழாக விழுந்திருக்கும். மங்கல் என்பதால் அது 255-ஐத் தொடுவதில்லை. அந்த இடத்தை வெட்டி 180 பாகை திருப்பி, வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து பிரிந்து தெரியும். பலர் இதை அழுக்கு என்று அழித்துவிடுகிறார்கள்!

நண்பரின் படத்தில் பச்சை அளவே போதுமாக இருந்தது. ஆனால் முதல் மராத்தி எழுத்தில் ஒரு சிக்கல். ‘வாலாஜி’யா, ‘பாலாஜி’யா? தேவநாகரியில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் வட்டத்துக்குள் ஓடும் ஒரு சாய்கோடுதான். ஒளி அந்த வட்டத்தை நிரப்பிவிட்டது. இங்கே சட்டம் கைகொடுத்தது. மகாராஷ்டிரத்தில் கடைப்பெயர் மராத்தியில் இருந்தாக வேண்டும். 2022 திருத்தம் சிறு கடைகளையும் சேர்த்துக்கொண்டது. ஆங்கிலமும் கூடவே இருந்தால் பெயர் இரண்டு முறை கிடைக்கிறது. ஆங்கில B ஒளியில் வீங்கினால் 8 போலவோ D போலவோ ஆகும். மேலே திறந்த V ஆகாது. படத்தில் இருந்தது மேலே மூடிய எழுத்து. ஆகவே பாலாஜி.

போன் நம்பர் விஷயத்தில் இப்படிச் சரிபார்க்க வழியில்லை. 3, 6, 8, 9 எல்லாம் ஒளியில் ஒன்றுபோலவே வீங்கும். ஊகித்து எழுதாதீர்கள், கேள்விக்குறி போடுங்கள். அடுத்த முறை லென்ஸைத் துடைத்து, திரையில் பலகையின் மேல் தொட்டு, சூரியக் குறியைக் கீழே இழுத்துவிட்டு எடுங்கள். தெரு இருட்டாக விழும், பெயர் தெளிவாக விழும்.